செப்டம்பர் 14 என்று சொல்லிவிட்டேன், சரக்கு கொழும்பிலேயே நின்றுவிட்டது

வாசகியின் கடிதம்

வணக்கம் சார். கரூரில் கணவரும் நானும் சேர்ந்து கிச்சன் டவல், மேஜை விரிப்பு தைத்து அனுப்புகிறோம். நேரடி ஏற்றுமதி இது மூன்றாவது ஆர்டர். ஹாம்பர்க் பையருக்குக் கிறிஸ்துமஸ் டிசைன் சரக்கு, ஒரு இருபதடி கன்டெய்னர், 22,000 டாலர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டர், பையர் சொன்ன ஆள். 30 சதவீதம் அட்வான்ஸ் வந்துவிட்டது, மீதி, சரக்கு கப்பல் ஏறியதற்குத் தரும் பில் ஆஃப் லேடிங், அதாவது பி.எல். நகல் பார்த்ததும் தர வேண்டும். ஆகஸ்ட் 7 அன்று கப்பல் ஏறிவிட்டது. "செப்டம்பர் 14 சரக்கு ஹாம்பர்க் வந்துவிடும்" என்று மெயில் போட்டேன். கன்டெய்னர் நம்பரை மட்டும் கொடுக்கவில்லை. நம்பர் போனால் பணம் கட்டாமலே சரக்கை எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். கன்டெய்னர் கொழும்பில் மாற்றுக் கப்பலைத் தவறவிட்டிருக்கிறது. நான் பார்த்தபோது "கொழும்பு" என்று இருந்தது, வழியில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது செப்டம்பர் 24 என்கிறார்கள். பையர் 5 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதி தருவேன் என்கிறார். தாமதத்துக்கு நான் பொறுப்பா? இனிமேல் டிராக்கிங் விவரமே தராமல் இருந்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்

சகோதரி, முதலில் உங்கள் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். டிராக்கிங் தராமல் இருக்கலாமா என்கிறீர்கள். நீங்கள் தராததால்தான் விஷயம் இவ்வளவு முற்றியது. கொடுத்தால் எந்தக் கெடுதலும் வராத கன்டெய்னர் நம்பரை மறைத்தீர்கள். யோசித்துக் கொடுக்க வேண்டிய தேதியை உறுதிமொழி மாதிரி எழுதிக் கொடுத்தீர்கள். இரண்டும் இடம் மாறிவிட்டன. ஆனால் உங்கள் நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை.

கப்பல் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பா?

பையர் தந்த ஆர்டர் தாளான பி.ஓ.வை எடுத்து வைத்துக்கொண்டு அதில் எந்தத் தேதி இருக்கிறது என்று பாருங்கள். "ஆகஸ்ட் 10-க்குள் ஷிப்மென்ட், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி" என்கிற மாதிரி இருந்தால், ஆகஸ்ட் 7 அன்று சரக்கு கப்பலில் ஏறியதோடு உங்கள் வேலை முடிந்தது. எஃப்.ஓ.பி.யில் விற்பவர் டெலிவரி கொடுக்கும் இடம் தூத்துக்குடியில் நிற்கும் கப்பல். ஹாம்பர்க் குடோன் அல்ல. அதற்குப் பிறகு சரக்கின் ஆபத்தும், கப்பல் வாடகையும், கடலில் ஆகும் தாமதமும் வாங்குபவர் பக்கம். கப்பல் ஏற்பாடு செய்ததும் அவர் நியமித்த ஃபார்வர்டர்தான். நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் ஒப்பந்தத்தை மீறியிருக்க வேண்டும். இதில் மீறல் எங்கே?

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். நம் ஊருக்கு வரும் பி.ஓ.க்கள் சிலவற்றில் மேலே எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று இருக்கும், கீழே ஒரு கட்டத்தில் "டெலிவரி தேதி: செப்டம்பர் 15, ஹாம்பர்க் குடோன்" என்றும் இருக்கும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வரிகளையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதம் சிக்கலாகிவிடும். அப்படி இருந்தால் பையருக்கு எதுவும் எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அடுத்தது "வந்துவிடும்" என்று நீங்கள் போட்ட மெயில். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு எழுதிய ஒரு மெயில் தானாகவே புதிய நிபந்தனையாகிவிடாது. இருந்தாலும் தகராறு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் காட்டப்போவது அந்த வரியைத்தான். அந்த 14-ஆம் தேதி யாருடைய தேதி? புக்கிங் ஷீட்டில் லைனர், அதாவது கப்பல் கம்பெனி, போட்டிருந்த உத்தேசத் தேதி. லைனரே தன் பி.எல்.லின் பின்பக்க நிபந்தனைகளில் குறிப்பிட்ட நாளில் கொண்டு சேர்ப்பதாக உத்தரவாதம் தருவதில்லை. கப்பல் வைத்திருப்பவரே தராத உத்தரவாதத்தைக் கரூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் தந்திருக்கிறீர்கள்.

கொழும்பில் என்ன நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்தால் அடுத்த முறை பையரைவிட முன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பா போகும் சரக்கில் பெரும்பகுதி சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே மதர் வெசல் எனப்படும் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. கடல் வழியில் ஒரு நாள் தூரம்தான். உங்கள் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 7-ஆம் தேதி ஃபீடரில் ஏறியது. 9-ஆம் தேதி கொழும்பில் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் தேதி புறப்படும் மதர் வெசலில் ஏறியிருந்தால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 33 நாளில், அதாவது செப்டம்பர் 14-இல் ஹாம்பர்க். செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரிலிருந்து, பல லைனர்கள் சூயஸ் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே ஓட்டத் தொடங்கின. அதனால்தான் பழைய கணக்கைவிட இவ்வளவு நாள் கூடுதல்.

உங்கள் பெட்டி 12-ஆம் தேதிக் கப்பலில் ஏறவில்லை. இடம் போதாமல் போயிருக்கலாம், யார்டில் நெரிசலாக இருந்திருக்கலாம். தொழிலில் இதை ரோல் ஓவர் என்பார்கள். இந்தச் சர்வீஸ்கள் பெரும்பாலும் வாரம் ஒரு கப்பல் என்ற கணக்கில் ஓடுவதால், ஒரு கப்பல் தவறினால் அடுத்த வாரம்தான். ஆகஸ்ட் 19 அன்று ஏறினால் செப்டம்பர் 21. வழியில் இன்னும் மூன்று நாள் நழுவி 24 ஆகியிருக்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? லைனரின் இணையதளத்தில் டிராக்கிங் பக்கத்தைத் திறந்தால் பெட்டிக்கு நடந்த நிகழ்ச்சிகள் வரிசையாக இருக்கும். கொழும்பு என்ற ஊருக்கு நேரே Discharged என்று இருந்தால் ஃபீடரிலிருந்து இறங்கிவிட்டது என்று பொருள். அதற்கு அடுத்து அதே ஊருக்கு நேரே Loaded என்று வர வேண்டும். வந்தால்தான் மதர் வெசலில் ஏறியிருக்கிறது. நீங்கள் "கொழும்பு" என்ற பெயரைப் பார்த்தீர்கள், பக்கத்தில் இருந்த சொல்லைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 13-ஆம் தேதி காலையில் பார்த்து, கப்பல் போய்விட்டது ஆனால் Loaded வரவில்லை என்று தெரிந்திருந்தால், அன்றைக்கே ஃபார்வர்டருக்கு ஒரு போன் போட்டிருப்பீர்கள். பையருக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தகவல் போயிருக்கும்.

இன்னொரு இடத்திலும் ஏமாறுவார்கள். பெட்டி கப்பலைத் தவறவிட்ட பிறகும், புது ஏற்பாடு முடிவாகும்வரை, உத்தேச வருகைத் தேதியைக் காட்டும் ஈ.டி.ஏ. கட்டத்தில் பழைய தேதியே சில நாள் நிற்கும். அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகப் போவதாகத்தான் தெரியும். அதைவிட மோசம், கப்பல் பெயரைப் போட்டு வரைபடத்தில் பார்க்கும் செயலிகள். அவை கப்பல் எங்கே என்று காட்டும், உங்கள் பெட்டி அதில் இருக்கிறதா என்று காட்டாது. 12-ஆம் தேதிக் கப்பல் உங்கள் பெட்டி இல்லாமலே செப்டம்பர் 14 அன்று ஹாம்பர்க் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் பையரிடம் கப்பல் பெயர் இருந்திருந்தால், கப்பல் வந்ததைப் பார்த்துவிட்டு லாரியைக்கூட அனுப்பியிருக்கலாம். அவருடைய கோபத்தில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

வக்கீல் தொழிலுக்கு வருவதற்கு முன் தூத்துக்குடியில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். ஈரோட்டுக்காரர் ஒருவரின் பெட்டிக்கு இதே மாதிரி ஈ.டி.ஏ.வை மட்டும் பார்த்து "நேரத்துக்கு வருகிறது" என்று சொல்லி அனுப்பினேன். பெட்டி அப்போது கொழும்பு யார்டில் இருந்தது. அவர் தன் பையரிடம் பட்ட அவமானத்தை என்னிடம் நேரில் வந்து சொன்னார். அன்றிலிருந்து நடந்த தேதியையும் நடக்கப்போகும் தேதியையும் ஒரே வரியில் நான் எழுதுவதில்லை.

நம்பர் கொடுத்தால் சரக்கு போய்விடுமா?

போகாது. கன்டெய்னர் நம்பர் என்பது பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும். ரோட்டில் போகிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை வைத்துப் பெட்டி எங்கே என்று பார்க்கலாமே தவிர, துறைமுகத்திலிருந்து எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் ஹாம்பர்க்கில் ஒரிஜினல் பி.எல்.லை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் இங்கேயே ஒரிஜினலைச் சரண்டர் செய்து, தாள் இல்லாமலே அங்கே சரக்கைக் கொடுக்கச் சொல்லும் டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஸ்கேன் நகலுக்கும் அந்தச் சக்தி இல்லை.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்ன பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. அவர் காட்டிய இடம்தான் தவறு. உங்கள் கையில் இருக்கும் தாளின் தலைப்பைப் பாருங்கள். "பில் ஆஃப் லேடிங்" என்று இருந்து, மூன்று ஒரிஜினல் தந்திருந்தால் சரி. "சீ வே பில்" என்றோ "எக்ஸ்பிரஸ் ரிலீஸ்" என்றோ இருந்தால், ஒரிஜினல் இல்லாமலே பையர் சரக்கை எடுத்துவிடலாம். "ஃபார்வர்டர்ஸ் கார்கோ ரிசீப்ட்" என்றால் அது வெறும் ரசீது, சரக்கின் மேல் உங்களுக்குப் பிடி கிடையாது. பையர் நியமித்த ஃபார்வர்டர்கள் சிலர் இப்படித் தாள் கொடுப்பது உண்டு. 70 சதவீதம் பாக்கி நிற்கும்போது இதை வாங்கிக்கொள்ளக் கூடாது. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அப்புறம், விவரத்தை மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் நாட்டின் 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் 39-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு ஒன்று சொல்கிறது: கடல் வழியில், வழக்கமாக இன்ஷூரன்ஸ் எடுக்கும் சூழ்நிலையில் சரக்கை அனுப்பினால், வாங்குபவர் இன்ஷூரன்ஸ் எடுக்கத் தோதாக விற்பவர் தகவல் தர வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால் ஒழிய, தராவிட்டால் கடல் பயணம் முழுக்க ஆபத்து விற்பவருடையதாகவே கருதப்படும். எஃப்.ஓ.பி.யில் இன்ஷூரன்ஸ் எடுப்பது பையர். அவருக்கு விவரம் ஏற்கெனவே தன் ஃபார்வர்டர் மூலம் தெரிந்திருந்தது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்தப் பெட்டி கடலில் மூழ்கிப் போயிருந்தால் 22,000 டாலருக்கு அந்த வாதத்தை நம்பி நிற்க வேண்டியிருந்திருக்கும். சர்வதேச விற்பனை விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-லும் எஃப்.ஓ.பி. பகுதியில் விற்பவரின் பத்தாவது கடமை இதுதான். சரக்கு கப்பலில் ஏறியதையோ, குறித்த நேரத்தில் கப்பல் ஏற்றிக்கொள்ளாமல் போனதையோ வாங்குபவருக்குப் போதுமான அளவில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த ஷிப்மென்ட்டில் என்ன எழுதுவது

கப்பல் ஏறிய அன்றோ மறுநாளோ ஒரே ஒரு மெயில், ஷிப்மென்ட் அட்வைஸ் என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். அதில் பி.ஓ. நம்பர், கார்ட்டன் எண்ணிக்கை, கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், லைனர் பெயர், ஃபீடர் பெயர், திட்டமிட்ட மதர் வெசல் பெயர் எல்லாம் இருக்கட்டும். பி.எல். நம்பர் கொடுக்கும்போது ஒரு நுணுக்கம். ஃபார்வர்டர் உங்களுக்குத் தருவது ஹவுஸ் பி.எல். அந்த நம்பரை லைனரின் தளத்தில் போட்டால் ஒன்றும் வராது. ஃபார்வர்டரின் தளத்தில்தான் வரும். லைனர் தளத்துக்கு, லைனர் ஃபார்வர்டருக்குத் தரும் மாஸ்டர் பி.எல். நம்பர் அல்லது புக்கிங் நம்பர் வேண்டும். கன்டெய்னர் நம்பர் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். பெட்டி காலியானதும் அது வேறொருவர் சரக்கோடு அடுத்த பயணம் போய்விடும். பிறகு அந்த நம்பரைப் போட்டால் அந்தப் பயணம்தான் வரும். இரண்டையும் கொடுங்கள்.

தேதிகளை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். முதல் பகுதிக்கு "நடந்தவை" என்று தலைப்பு. உங்கள் இப்போதைய சரக்கையே எடுத்துக்கொண்டால்:

கன்டெய்னர் லோடு செய்து சீல் வைத்தது: ஆகஸ்ட் 3
துறைமுகத்துக்குள் நுழைந்தது: ஆகஸ்ட் 5
கப்பலில் ஏறியது: ஆகஸ்ட் 7

இரண்டாவது பகுதிக்கு "லைனர் தரும் உத்தேசத் தேதிகள், மாறக்கூடியவை" என்று தலைப்பு. பக்கத்தில் அந்த விவரத்தை நீங்கள் எடுத்த நாளையும் எழுதுங்கள்.

கொழும்பில் மதர் வெசல் புறப்பாடு: ஆகஸ்ட் 12
ஹாம்பர்க் வருகை: செப்டம்பர் 14
(ஆகஸ்ட் 8 அன்று லைனர் தளத்தில் பார்த்தபடி)

ஆகஸ்ட் 3, 5 இரண்டும் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள். கீழே ஒரு வரி சேருங்கள்: "ஒப்பந்தப்படி எங்கள் டெலிவரி தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியதோடு நிறைவடைந்தது, வருகைத் தேதி தகவலுக்காக மட்டும்." இதை மரியாதைக் குறைவாக எந்தப் பையரும் எடுத்துக்கொள்ள மாட்டார். அவர்களுடைய வாங்கும் பிரிவுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இந்த மெயிலில் வங்கிக் கணக்கு விவரத்தை மட்டும் எழுதாதீர்கள். சரக்கு ஏறி, பணம் வரவேண்டிய நேரத்தில்தான் மெயிலுக்குள் புகுந்து, உங்கள் பெயரிலேயே "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதும் மோசடி நடக்கிறது. கணக்கு விவரம் புரோஃபார்மாவில் இருப்பதுதான், மாறினால் போனில் பேசி உறுதி செய்துகொண்ட பிறகே அனுப்புங்கள் என்று பையரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தினமும் டிராக்கிங் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார வேண்டாம். நான்கு நாள் பார்த்தால் போதும். ஃபீடர் புறப்பட்ட மறுநாள், பெட்டி கொழும்பில் இறங்க வேண்டிய நாள், மதர் வெசல் புறப்பட்ட மறுநாள், ஹாம்பர்க் வருவதற்கு ஒரு வாரம் முன்பு. இந்த நான்கில் மூன்றாவதை மட்டும் எக்காரணத்துக்கும் தவறவிடாதீர்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

தாமதமானால் யாரைக் கூப்பிடுவது

ஷிப்மென்ட் அட்வைஸின் கடைசியில் இது இருக்க வேண்டும். ஒரே பெயரைக் கொடுத்தால் எல்லாக் கேள்வியும் அவரிடமே வந்து நிற்கும். சரக்கு எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப ஆள் மாறுவார்.

கப்பல் ஏறும்வரை உங்கள் பொறுப்பு. அதுவரை நீங்களோ உங்கள் மெர்ச்சண்டைசரோதான் பதில் சொல்ல வேண்டும். ஏறிய பிறகு, எஃப்.ஓ.பி.யில் லைனரோடு பேச முதல் உரிமையும் கடமையும் பையர் நியமித்த ஃபார்வர்டருக்கு. அவருக்குக் கூலி தருவது பையர்தான். அதனால் அந்த ஃபார்வர்டரின் ஹாம்பர்க் அலுவலகத்தில் இந்த ஃபைலைப் பார்ப்பவரின் பெயர், மெயில், போன் மூன்றையும் தூத்துக்குடி அலுவலகத்திடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். கப்பல் வருவதற்கு முன் அரைவல் நோட்டீஸ் அனுப்புவதும் அவர்கள்தான். அது பி.எல்.லில் நோட்டிஃபை பார்ட்டி என்ற கட்டத்தில் இருக்கும் முகவரிக்குப் போகும். டிராஃப்ட் பி.எல். சரிபார்க்கும்போது அந்தக் கட்டத்தில் பழைய மெயில் முகவரி இருந்தால் நோட்டீஸ் யாருக்கும் கிடைக்காமல் போகும். ஆகவே பையரிடம் ஒரு தடவை கேட்டுச் சரி பாருங்கள். நாளைக்கு நீங்கள் கப்பல் வாடகையும் சேர்த்த சி.ஐ.எஃப். அல்லது சி.எஃப்.ஆர். விலைக்கு விற்றால், கப்பல் பிடிப்பது நீங்கள். அப்போது முதலில் ஓட வேண்டியது உங்கள் ஃபார்வர்டர், கேட்க வேண்டியது நீங்கள்.

எதிர்ப்பக்கத்தில் நேரம் எத்தனை மணி என்பதையும் எழுதுங்கள். கோடைக்காலக் கணக்கில் ஹாம்பர்க் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசியிலிருந்து நாலரை மணி நேரம். அவர்கள் காலை ஒன்பதுக்கு வேலை தொடங்கும்போது இங்கே மதியம் பன்னிரண்டரை. நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் போகும்போது அவர்களுக்கு மதியம் இரண்டரைதான். ஆடி நோம்பிக்கும் தீபாவளிக்கும் ஆபீஸ் பூட்டியிருக்குமென்றால், அந்த நாட்களில் யார் போனை எடுப்பார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். உங்கள் கணவர் இருக்கிறாரே.

கூடவே ஒரு விதியையும் எழுதிக் கொடுங்கள்: உத்தேசத் தேதி மூன்று நாளுக்கு மேல் மாறினால், எங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் சொல்வோம். உங்களால் நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி இது. கப்பலின் வேகம் உங்கள் கையில் இல்லை, மெயில் அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது என்ன செய்வது

5 சதவீதம் என்றால் 1,100 டாலர். தாமதத்துக்கு நஷ்டஈடு என்ற பெயரில் இதைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கடல் தாமதம் உங்கள் பொறுப்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், அடுத்த ஆர்டரிலும் கேட்பார். அதேசமயம், தேதி மாறியதைப் பையர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. கிறிஸ்துமஸ் சரக்கு செப்டம்பர் நடுவில் வந்தால்தான் கடைகளுக்குப் பிரித்து அனுப்ப முடியும். பத்து நாள் அவருக்கு வலிக்கிற பத்து நாள். அதை மட்டும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளுங்கள். அவருடைய ஃபார்வர்டருக்கும் இது தெரிந்திருக்கும், சொல்ல வேண்டியது முதலில் அவர்தான். ஆனால் அதை மெயிலில் குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், தகவலாகக் கேளுங்கள்: "கொழும்பில் ஏன் தவறியது என்று உங்கள் ஃபார்வர்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறோம், வந்ததும் அனுப்புகிறோம்."

உறவைக் காப்பாற்ற ஏதாவது தர விரும்பினால், அடுத்த ஆர்டரின் விலையில் ஒரு சின்னத் தொகையைக் குறையுங்கள். "பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்துக்காக" என்ற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும். இந்த இன்வாய்ஸை மட்டும் தொடாதீர்கள்.

பணத்தில் பிடிவாதமாக இருக்கும்போது ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். 24-ஆம் தேதி பெட்டி இறங்கியதும் இலவச நாட்கள் ஓடத் தொடங்கும். அது முடிந்தால் தினசரி டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். வாங்குபவர் எடுக்காமல் போனால் அந்தச் செலவை அனுப்பியவரிடம் கேட்க பி.எல். நிபந்தனைகள் வழி வைத்திருக்கின்றன. எத்தனை இலவச நாள் என்று இன்றைக்கே ஃபார்வர்டரிடம் எழுத்தில் கேளுங்கள். மீதிப் பணம் 15,400 டாலர். 1,100 டாலருக்கான தகராறில் பெட்டி இரண்டு வாரம் துறைமுகத்தில் நின்றால் இரண்டு பேருக்குமே நஷ்டம், இதையும் பையரிடம் நாகரிகமாகச் சொல்லலாம்.

இன்று மதியம் பன்னிரண்டரைக்குள் மெயில் போகட்டும். கன்டெய்னர் நம்பர், மாஸ்டர் பி.எல். நம்பர், இப்போதைய மதர் வெசல் பெயர், 24 என்ற உத்தேசத் தேதி, அதை எந்த நாளில் பார்த்தீர்கள் என்பது, ஹாம்பர்க்கில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. பி.எல். நகலையும் இணைத்து, ஒப்பந்தப்படி மீதி முழுத்தொகையையும் கேளுங்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறியதை வங்கியில் உறுதி செய்த பிறகு ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். மூன்று ஒரிஜினலையும் ஃபார்வர்டரின் தூத்துக்குடி அலுவலகத்தில் சரண்டர் செய்து டெலக்ஸ் ரிலீஸ் கேளுங்கள். ஒப்படைத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.